ஒரே ஆள், இரண்டு கம்பெனி

காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் வேலைவாய்ப்பு ஏஜென்சி ஆபீஸைத் திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் வெல்டர். ஐடிஐ முடித்து இரண்டு வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன்.

"ஏம்மா, பையனுக்குத் திங்கக்கெழம கும்மிடிப்பூண்டில இன்டர்வியூன்னு சொன்னீங்களே. எத்தன மணிக்குப் போணும்னு போன் வரும்னீங்க. ரெண்டு நாளா போன கையிலயே வச்சினு இருந்தான். வர்லியேம்மா."

அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு எங்கள் இணையதளத்தைத் திறந்தேன். கும்மிடிப்பூண்டி வேலைக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தோம். பட்டியலில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். பையனின் பெயரைத் தனியாகத் தேடியபோது அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் 'ரிஜெக்ட்' என்று இருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனி அவனைப் பார்க்கவே இல்லை, பிறகு எப்படி ரிஜெக்ட்?

விஷயம் இதுதான். சனிக்கிழமை அவன் மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் வேலைக்கு டெஸ்ட் கொடுத்திருக்கிறான். அங்கே கேட்டது 6ஜி, அதாவது 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி வெல்டிங் செய்ய வேண்டும். பட்டறையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து பழகிய கைக்கு அது வரவில்லை. அவர்கள் வேண்டாம் என்றார்கள், நியாயம்தான். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் தளத்தில் அவன் பெயரைத் தேடி 'ரிஜெக்ட்' அழுத்தினாள், அவள் செய்ததும் சரிதான். கும்மிடிப்பூண்டியில் கேட்டது தகட்டில் மிக் வெல்டிங். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தளத்தில் ஆளுக்கு ஒரே ஒரு நிலைதான். மணலி சொன்ன 'வேண்டாம்' கும்மிடிப்பூண்டிப் பட்டியலிலிருந்தும் அவனைத் தூக்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் போன் செய்ய வேண்டியவர்களின் பட்டியல் அதிலிருந்துதான் வந்தது.

அன்றைக்கே கும்மிடிப்பூண்டிக்குப் பேசி வேறொரு நாள் கேட்டேன். "இடம் நிரம்பிடுச்சு மேடம்" என்றார்கள். அவன் அப்பா எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தளத்தை ஒரு சின்ன நிறுவனத்திடம் கொடுத்துச் செய்திருந்தோம். அவர்கள் `candidates` என்ற அட்டவணையில் பெயர், போன், படிப்பு எல்லாம் வைத்து, கடைசியில் `status` என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். காசு கொடுத்த நாங்களும் அதைக் கேள்வி கேட்கவில்லை. திரையில் அழகாக இருந்தது, எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் என் பெரியப்பா தன் பழைய லாங் சைஸ் நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். இந்த ஆபீஸை ஆரம்பித்தவர் அவர். தளம் வரும்வரை எல்லாம் அந்த நோட்டில்தான். ஒரு கம்பெனிக்கு ஒரு பக்கம். மேலே கம்பெனி பெயர், எத்தனை பேர் வேண்டும், என்ன சம்பளம். கீழே வரிசையாக ஆட்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டிக், சுழி, தேதி. ஒரே பையனின் பெயர் மூன்று பக்கங்களில் இருந்தது. ஒன்றில் அடித்திருந்தார், ஒன்றில் டிக், ஒன்றில் வெறும் தேதி. "ஒரு கம்பெனி வேணாம்னா ஆளையே அடிச்சிடுவியா? அந்தப் பக்கத்துல மட்டும்தானே அடிக்கணும்" என்றார்.

தளத்தில் தொலைந்துபோனது அந்த வரிதான். ஆள் ஒரு விஷயம், வேலை ஒரு விஷயம், இந்த ஆள் இந்த வேலைக்குப் போட்ட விண்ணப்பம் மூன்றாவது விஷயம். நிலை என்பது அந்த மூன்றாவதற்குத்தான் உண்டு. ஆளுக்கென்று தனியாக ஒரு நிலை வேண்டுமானால் 'வேலை தேடுகிறார்', 'இப்போது வேண்டாம் என்கிறார்' என்ற இரண்டு போதும்.

இரண்டாம் முறை வேறொரு தம்பியிடம் வேலையைக் கொடுத்தோம். வியாசர்பாடியில் தனியாக வேலை செய்பவர். முதல் மூன்று நாள் அவர் கணினியையே திறக்கவில்லை. எங்கள் போனைக் கேட்டுக்கொண்டும், நோட்டைப் புரட்டிக்கொண்டும் இருந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டு எங்களிடம் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் இது:

```sql
CREATE TABLE applications (
  id           BIGINT PRIMARY KEY,
  candidate_id BIGINT NOT NULL REFERENCES candidates(id),
  job_id       BIGINT NOT NULL REFERENCES jobs(id),
  stage        VARCHAR(20) NOT NULL DEFAULT 'applied',
  UNIQUE (candidate_id, job_id)
);

CREATE TABLE stage_log (
  application_id BIGINT NOT NULL REFERENCES applications(id),
  to_stage       VARCHAR(20) NOT NULL,
  reason         VARCHAR(40),
  changed_by     BIGINT NOT NULL,
  changed_at     TIMESTAMP NOT NULL
);
```

`UNIQUE` என்ற வரியால், ஒரே ஆள் ஒரே வேலைக்கு இரண்டு முறை பதிவாக முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு முறை, தளத்தில் ஒரு முறை என்று இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பவர்கள் நிறையப் பேர். முன்பு அதே ஆளைக் கம்பெனிக்கு இரண்டு முறை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதே கம்பெனி ஆறு மாதம் கழித்து மறுபடி ஆள் கேட்டால், பழைய வேலையைத் திறப்பதில்லை, புதிதாக ஒரு வேலை பதிவாகிறது. அப்போது அதே பையன் தாராளமாக மறுபடி விண்ணப்பிக்கலாம்.

`stage_log` எனக்கு ஆரம்பத்தில் தேவையில்லாத செலவாகத் தெரிந்தது. இப்போது எதை விட்டாலும் அதை விடமாட்டேன். நிலை மாறும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேரும், எந்த வரியும் அழியாது. யார் மாற்றினார்கள், எப்போது, ஏன் என்று மூன்றும் நிற்கும். மணலி 'ரிஜெக்ட்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நான்கு போன் தேவைப்பட்டது.

அடுத்து வந்தது, என்னென்ன நிலைகள் வைப்பது என்ற கேள்வி. பழைய தளத்தில் 'ப்ராசஸில் உள்ளது' என்று ஒன்று இருந்தது. நூற்றுக்கு மேல் பெயர்கள் அதில்தான் கிடந்தன. நாங்கள் பேசி முடிக்காத ஆளும் அதில், கம்பெனி பதில் சொல்லாத ஆளும் அதில். பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியாது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நிலையும் யாராவது கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும், அடுத்து நகர வேண்டியது யார் என்று அதைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். விண்ணப்பம் வந்தது: அடுத்து நாங்கள் பேச வேண்டும். பேசி முடித்தோம்: நாங்கள்தான் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினோம்: கம்பெனி நாள் சொல்ல வேண்டும். நாள் குறித்தாயிற்று: ஆள் போக வேண்டும். போய்வந்தார்: கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். செலக்ட்: ஆள் சேர வேண்டும். ஜாயின்: 90 நாள் ஓட வேண்டும், ஏனென்றால் அதற்குள் நின்றுவிட்டால் மாற்று ஆள் தருவதாகக் கம்பெனிகளிடம் எங்களுக்கு ஒப்பந்தம். கடைசியாக 'முடிந்தது'. எந்தக் கட்டத்திலிருந்தும் அதற்குப் போகலாம், ஆனால் காரணம் சொல்லாமல் போக முடியாது.

காரணத்தை நிலையோடு கலக்கக் கூடாது என்பதைத் தம்பிதான் பிடிவாதமாகச் சொன்னார். 'டெஸ்டில் ரிஜெக்ட்', 'சம்பளம் பிடிக்காமல் ரிஜெக்ட்', 'ஆளே வரவில்லை' என்று தனித்தனி நிலைகள் வேண்டும் என்று நான் கேட்டேன். "அக்கா, நாளைக்குப் பத்துக் காரணம் வரும், பத்து நிலை வைப்பீங்களா? நிலை ஒன்னுதான், முடிஞ்சது. ஏன்னு கேட்டா அது வேற கட்டம்" என்றார். அந்தப் பிரிப்பின் பயன் மாதவரம் வேலையில் தெரிந்தது.

மாதவரத்தில் ஒரு கிடங்கு, பொருள் எடுத்துப் பேக்கிங் செய்யும் வேலை, 12 பேர் வேண்டும். 31 பேரை அனுப்பினோம், 22 பேர் இன்டர்வியூவுக்குப் போனார்கள், 12 பேர் செலக்ட். அப்போது எங்கள் தளத்தில் செலக்ட் எண்ணிக்கை கேட்ட எண்ணிக்கையைத் தொட்டதும் வேலை தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. மீதிப் பத்துப் பேருக்கும் 'இடம் நிரம்பிவிட்டது' என்று தகவல் போனது. ஒன்பது நாள் கழித்து, சேர வேண்டிய தேதியில் வந்தவர்கள் ஏழு பேர். ஐந்து இடம் காலி. அந்தப் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிட்டால் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். கம்பெனி வேறொரு ஏஜென்சியிடம் போனது.

அன்றைக்கு மாற்றிய விதி இன்றும் அப்படியே இருக்கிறது. வேலையை மூடுவது ஜாயின் எண்ணிக்கை, செலக்ட் எண்ணிக்கை அல்ல. 12 பேர் செலக்ட் ஆனதும் புதிதாக விண்ணப்பிப்பது மட்டும் நிற்கும், இன்டர்வியூ முடித்தவர்கள் காத்திருப்பில் இருப்பார்கள். அவர்களிடம் 'காத்திருங்கள், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்' என்று உள்ளதைச் சொல்வோம். செலக்ட் ஆகி மூன்று நாள் ஆன ஒவ்வொருவரும் காலையில் எங்கள் போன் பட்டியலில் தானாக வந்துவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் கழன்றுபோகிறார்கள்.

வராத ஐந்து பேரிடமும் உட்கார்ந்து பேசினேன். ஒருவருக்கு வீட்டில் சாவு. இருவர் சம்பளம் என்றார்கள், இருவர் ஷிப்ட் என்றார்கள். அதாவது ஐந்தில் நான்கு பேரை இழந்தது இன்டர்வியூவிலோ அதற்குப் பிறகோ அல்ல. கம்பெனி வேலையைப் பதிவு செய்த முதல் நாளிலேயே இழந்துவிட்டோம். பதிவில் என்ன இருந்தது? 'சம்பளம் 18,000, ஷிப்ட் உண்டு.' அவ்வளவுதான்.

சம்பளத்தைப் பாருங்கள். 18,000 என்பது மொத்தச் சம்பளம். அதில் அடிப்படை 15,000 என்று வைத்துக்கொண்டால், பிஎஃப் 12 சதவீதம் 1,800 போகும். இஎஸ்ஐ மொத்தத்தில் 0.75 சதவீதம், 135 போகும். கையில் வருவது 16,065. வேறு பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். வேலை தேடி வருபவர் '18' என்று படித்தால் கையில் 18 என்றுதான் நினைப்பார். வாடகையும் வண்டித் தவணையும் அந்தக் கணக்கில்தான் போடுவார். சேரும் நாளுக்கு முன் யாராவது விவரம் சொன்னால் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அதனால் கம்பெனிகள் வேலை பதிவிடும் படிவத்தில் 'மொத்தச் சம்பளம்', 'அடிப்படை', 'மற்ற பிடித்தம்' என்று மூன்று கட்டம் வைத்தோம். கையில் வரும் தொகையைத் தளமே கணக்கிட்டுப் பெரிய எழுத்தில் காட்டும். கம்பெனி அதைப் பார்த்துச் 'சரி' என்று அழுத்தினால்தான் பதிவு எங்களிடம் வரும்.

ஷிப்டும் அப்படித்தான். இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடிகிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெற்கே போய்வருவது சுலபம். மேற்கே மாதவரத்துக்கு அந்த ரயில் போகாது. இரவு பத்துக்குமேல் இரண்டு பஸ் மாறி எண்ணூர் போய்ச் சேர்வது தினமும் நடக்கிற காரியமா? ஆகவே ஷிப்ட் என்ற கட்டத்தில் எழுத விடுவதில்லை, ஆரம்பிக்கும் நேரமும் முடியும் நேரமும் கேட்கிறோம். இரவு 9-க்குமேல் முடிந்தால் கம்பெனி வண்டி உண்டா, எந்த இடம் வரை என்பது கட்டாயக் கேள்வி. 'மாதவரம்' என்று மட்டும் போட்டால் ஏற்பதில்லை. செங்குன்றம் பக்கமா, மூலக்கடை பக்கமா என்று தெரிய வேண்டும்.

பதிவு வந்ததும் நேராக வெளியே போகாது, எங்களில் ஒருவர் போனில் பேசி உறுதி செய்த பிறகுதான் போகும். வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் வாங்கி ஓடுகிறவர்கள் எங்கள் பெயரில் ஒரு பதிவு போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. இதில் இன்னொரு சின்ன விஷயம். கூகுளில் வேலைகள் தெரிவதற்காகப் பக்கத்தில் `JobPosting` விவரம் கொடுக்கிறோம். அதில் `validThrough` தேதியைச் சரியாக வைத்து, வேலை மூடியதும் அந்த விவரத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடிய வேலைக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

ஆட்களின் விவரப் படிவத்தில் நாங்கள் அதிகம் தடுமாறியது பெயரில். முதல் தளத்தில் இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம்: முதல் பெயர், குடும்பப் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? சிலர் அப்பா பெயரைப் போட்டார்கள், சிலர் இனிஷியலைப் போட்டார்கள், சிலர் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். கார்த்திக் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிய மூன்று பதிவுகள் ஒரே பையனுக்கு இருந்தன. இப்போது ஒரே கட்டம், 'ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர்' என்று. பின்னால் பிஎஃப் கணக்குத் திறக்கும்போது பெயர் ஒத்துப்போகாமல் அலைவதும் இதனால் குறைந்தது. கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம், விருப்பமிருந்தால் போடலாம்.

போன் நம்பரை அடையாளமாக வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, அம்மா மூவருக்கும் ஒரே நம்பர் கொடுத்திருந்தது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. சிலர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை நம்பர் மாற்றுகிறார்கள். அதனால் நம்பர் உள்ளே நுழைவதற்கு மட்டும். நுழைந்ததும் அந்த நம்பரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பெயரும் தெரியும், தன் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் இரண்டு பதிவுகள் இருந்தால் தளம் எங்களை எச்சரிக்கும், தானாக ஒன்றாக்காது. அதைச் செய்வது எங்கள் கண். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் டிஎல்டி பதிவு வேண்டும், அனுப்பும் பெயரும் செய்தியின் வாசகமும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தளம் முடிந்த பிறகு அதை ஆரம்பித்ததில் எங்களுக்கு நாட்கள் வீணாயின. முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

திறமை என்ற கட்டத்தில் 'வெல்டர்' என்று போடுவதால் ஒரு பயனும் இல்லை என்பதை அந்தக் காசிமேட்டுப் பையன் கற்றுக்கொடுத்தான். ஆர்க்கா, மிக்கா, டிக்கா? தகடா, குழாயா? 3ஜி வரையா, 6ஜி வரையா? மூன்று கேள்விகள்தான். இவை அன்றைக்கே இருந்திருந்தால் மணலிக்கு அவனை அனுப்பியிருக்கவே மாட்டோம்.

அனுமதியும் விண்ணப்பத்தோடு சேர்ந்ததுதான் என்பது கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. பதிவு செய்யும்போது ஒரே ஒரு டிக் வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் விவரத்தை அனுப்பிவந்தோம். ஒருமுறை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவரின் விவரம் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கே போய்விட்டது. அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. இப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுப்புவதற்கு முன் கம்பெனி பெயரைச் சொல்லி 'அனுப்பலாமா?' என்று கேட்கிறோம், அவர் சரி என்ற நேரம் `stage_log`-இல் ஏறுகிறது. ஆதார் நகல் ஜாயின் ஆகும்வரை வாங்குவதே இல்லை. அப்போதும் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதார்தான்.

கம்பெனிக்குப் போகும் விவரத்தில் போன் நம்பர் இருக்காது. இன்டர்வியூ நாள் குறித்தபிறகே திறக்கும். நம்பரை முதலிலேயே கொடுத்தால் சிலர் நேராகக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, 'உங்க ஆள் வரவே இல்லையே' என்பார்கள். ஆட்களிடம் நாங்கள் ஒரு பைசா வாங்குவதில்லை, கம்பெனி கொடுக்கும் கட்டணத்தில்தான் ஆபீஸ் நடக்கிறது.

இன்னும் சரியாகாத இடம் ஒன்று இருக்கிறது. இன்டர்வியூ முடிந்ததும் கம்பெனியின் ஹெச்ஆர் தளத்தில் முடிவை அழுத்த வேண்டும் என்றுதான் திட்டம் போட்டோம். பாதிப் பேர் அழுத்துவதில்லை. அவர்களுக்கு நான்கைந்து ஏஜென்சி, நான்கைந்து தளம், பாஸ்வேர்டு எங்கே ஞாபகம் இருக்கும்? பாஸ்வேர்டு இல்லாமல் மெயிலில் வரும் இணைப்பிலேயே 'ஆம்', 'இல்லை' அழுத்தும்படி செய்தோம், கொஞ்சம் கூடியது. மீதிக்கு, 'போய்வந்தார்' என்ற நிலையில் இரண்டு நாளுக்குமேல் நிற்கும் பெயர்களைத் தினமும் நாலு மணிக்கு எடுத்துவைத்துக்கொண்டு எங்கள் பெண் கம்பெனிகளுக்குப் பேசுகிறாள். அவர்கள் சொல்வதை அவளே பதிகிறாள். `changed_by`-இல் அவளுடைய எண் இருக்கும், அதனால் கம்பெனி அழுத்தியது எது, நாங்கள் கேட்டுப் பதிந்தது எது என்று பின்னால் பிரித்துப் பார்க்க முடிகிறது.

காசிமேட்டுப் பையனின் பக்கத்தில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. மணலி, முடிந்தது, 6ஜி டெஸ்ட். கும்மிடிப்பூண்டி, முடிந்தது, நாங்கள் கூப்பிடவில்லை. அந்தக் காரணத்தை நானே பட்டியலில் சேர்த்தேன். மூன்றாவது வரி எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டு, மிக் வெல்டிங். ஜாயின் ஆகி 61 நாள்.